ஒருநாள் டிவிடெண்ட்: கை மாறும் பணம், கரையும் லாபம்

நிறுவனம் டிவிடெண்ட் தருவதற்குச் சற்று முன் பங்கை வாங்கி, டிவிடெண்டுக்கான உரிமை கைக்கு வந்ததும் விற்றுவிடுவது பங்குச்சந்தையில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு உத்தி. ஆண்டு முழுவதும் பங்கை வைத்திருக்க வேண்டியதில்லை, ஒரே ஓர் இரவு கையில் இருந்தால் போதும், முழு டிவிடெண்டும் வந்துவிடும் என்பதே இதன் கவர்ச்சி. உரிமையைப் பொறுத்தவரை இது உண்மைதான். ஓராண்டு வைத்திருந்தவருக்கும் ஓரிரவு வைத்திருந்தவருக்கும் பங்கு ஒன்றுக்குக் கிடைக்கும் தொகையில் ஒரு பைசாகூட வித்தியாசம் இல்லை. கணக்கு இடறுவது டிவிடெண்டில் அல்ல. மறுநாள் காலையில் பங்கின் விலையில்.

முதலில் தேதிகள். நிறுவனம் டிவிடெண்டை அறிவிக்கும்போது ஒரு ரெக்கார்டு தேதியையும் சொல்கிறது. அந்த நாளின் முடிவில் யாருடைய டிமேட் கணக்கில் பங்கு இருக்கிறதோ அவருக்கே டிவிடெண்ட். இந்தியாவில் 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் மறுநாள் செட்டில்மென்ட் முறை வந்துவிட்டது. திங்கட்கிழமை வாங்கிய பங்கு செவ்வாய்க்கிழமை கணக்கில் ஏறுகிறது. எனவே செவ்வாய் ரெக்கார்டு தேதி என்றால், திங்கள் மாலை சந்தை மூடுவதற்குள் வாங்கியிருக்க வேண்டும். செவ்வாயன்று வாங்கினால் பங்கு புதனன்றுதான் வரும். டிவிடெண்ட் விற்றவருக்கே போய்ச் சேரும். டிவிடெண்ட் உரிமை இல்லாமல் பங்கு வர்த்தகமாகத் தொடங்கும் இந்த நாளுக்கு எக்ஸ் டிவிடெண்ட் தேதி என்று பெயர். சுருக்கமாக எக்ஸ் தேதி. மறுநாள் செட்டில்மென்ட் வந்த பிறகு இந்தியாவில் ரெக்கார்டு தேதியும் எக்ஸ் தேதியும் ஒரே நாளில் விழுகின்றன. முன்பு இரண்டுக்கும் இடையில் ஒருநாள் இடைவெளி இருந்தது. ரெக்கார்டு தேதியன்று காலையில் வாங்கிவிட்டு டிவிடெண்ட் வரவில்லையே என்று தரகரைக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

எக்ஸ் தேதியன்று காலையிலேயே பங்கை விற்றுவிடலாம். அந்த விற்பனை மறுநாள்தான் செட்டில் ஆகும் என்பதால், ரெக்கார்டு தேதி முடியும் நேரத்தில் பங்கு வாங்கியவர் கணக்கிலேயே இருக்கும். ஆக, சந்தை மூடும் நேரத்தில் வாங்கி, மறுநாள் சந்தை திறந்ததும் விற்றாலும் டிவிடெண்ட் உண்டு. ஒரே நாளுக்குள் வாங்கி விற்கும் இன்ட்ராடே வர்த்தகத்துக்கு மட்டும் அது கிடையாது.

இனி விலை. ஒரு நிறுவனத்தின் பங்கு 500 ரூபாய்க்கு விற்கிறது என்றால், அந்த 500 ரூபாய்க்குள் நிறுவனத்தின் ஆலைகள், கடன்பாக்கிகள், வருங்கால லாபம் எல்லாவற்றோடும் வங்கிக் கணக்கில் இருக்கும் ரொக்கமும் அடங்கியிருக்கிறது. பங்கு ஒன்றுக்கு 20 ரூபாய் டிவிடெண்ட் என்றால், அந்த ரொக்கத்திலிருந்து பங்குக்கு 20 ரூபாய் வெளியே போகப்போகிறது. திங்களன்று வாங்குபவர் நிறுவனத்தையும் அந்த 20 ரூபாயையும் சேர்த்து வாங்குகிறார். செவ்வாயன்று வாங்குபவருக்கு அந்த 20 ரூபாய் கிடையாது. இடையில் வேறொன்றும் மாறாதபோது, செவ்வாயன்று அதே பங்குக்கு 480 ரூபாய்க்கு மேல் கொடுக்க யாருக்கும் காரணம் இல்லை. திங்கள் மாலை 500-க்கு வாங்கியவர் செவ்வாய் காலை 480-க்கு விற்று 20 ரூபாய் டிவிடெண்டை வாங்கிக்கொள்கிறார். அவருடைய பணமே அவருக்கு இரண்டு துண்டுகளாகத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

இந்த விலைச் சரிவை யாரும் சட்டம் போட்டு நடத்துவதில்லை. தேசியப் பங்குச்சந்தையில் காலை 9 மணி முதல் 9:15 வரை நடக்கும் முன்திறப்பு ஏலத்தில், வாங்குபவர்களும் விற்பவர்களும் போடும் ஆர்டர்களிலிருந்து தொடக்க விலை பிறக்கிறது. வாங்க வருபவர்கள் டிவிடெண்ட் கழிந்த மதிப்பை மனதில் வைத்து விலை சொல்வதால் பங்கு தாழ்ந்து திறக்கிறது. ஆனால் வழக்கமான டிவிடெண்டுக்காக முந்தைய நாளின் இறுதி விலையை இந்தியச் சந்தைகள் திருத்திக் காட்டுவதில்லை. போனஸ் பங்கும் பங்குப் பிரிப்பும் வந்தால் திருத்துவார்கள், டிவிடெண்டுக்கு இல்லை. அதனால் எக்ஸ் தேதியன்று கைபேசித் திரையில் அந்தப் பங்குக்கு எதிரே சிவப்பில் 4% இறக்கம் என்று தெரியும். கெட்ட செய்தி ஏதோ வந்துவிட்டது என்று பதறி விற்பவர்களும், நல்ல பங்கு மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்து வாங்குபவர்களும் இரு பக்கமும் ஏமாறுகிறார்கள்.

பங்கில் நாளொன்றுக்கு ஆயிரம் காரணங்களால் விலை அசைகிறது. டிவிடெண்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காண்பது கடினம். கலப்படமில்லாமல் பார்க்க வேண்டுமானால் மியூச்சுவல் ஃபண்டைப் பார்க்க வேண்டும். ஃபண்டின் யூனிட் மதிப்பான என்ஏவி ஏலத்தில் பிறப்பதல்ல. கையிலுள்ள சொத்தை யூனிட்டுகளால் வகுத்துப் போடும் கணக்கு. டிவிடெண்ட் பிரித்துக் கொடுத்ததும் அத்தனை ரூபாயும் என்ஏவியிலிருந்து அப்படியே கழிந்துவிடும். இதை முதலீட்டாளருக்குப் பெயரிலேயே உணர்த்துவதற்காகத்தான் செபி, 2021 ஏப்ரல் 1 முதல் ஃபண்டுகளின் ‘டிவிடெண்ட்’ திட்டங்களை, வருமானப் பகிர்வோடு மூலதனத்தைத் திரும்ப எடுப்பதும் சேர்ந்தது என்று பொருள்படும் ஐடிசிடபிள்யூ என்ற நீளமான பெயருக்கு மாற்றச் சொன்னது. பெயர் வாயில் நுழையாது. ஆனால் சொல்லும் விஷயம் துல்லியம்.

அந்தக் கணக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2000 மார்ச் 24 அன்று மும்பையைச் சேர்ந்த வால்ஃபோர்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம், சோழா மியூச்சுவல் ஃபண்டின் ஒரு வருமானத் திட்டத்தில் யூனிட்டுகளை வாங்கியது. என்ஏவி 17 ரூபாய் 23 காசு. அன்றே ரெக்கார்டு தேதி. யூனிட்டுக்கு 4 ரூபாய் டிவிடெண்ட். மூன்று நாள் கழித்து, மார்ச் 27 அன்று யூனிட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது என்ஏவி 13 ரூபாய் 23 காசு. இறங்கியது சரியாக 4 ரூபாய். நிறுவனத்துக்கு டிவிடெண்டாகக் கிடைத்தது ஏறக்குறைய 1 கோடியே 82 லட்சம் ரூபாய்; விற்றதில் வந்த நட்டம் ஏறக்குறைய 2 கோடியே 9 லட்சம். ஃபண்ட் தரப்பிலிருந்து ஊக்கத்தொகையாகச் சுமார் 24 லட்சம் வந்தது. அதையும் சேர்த்தால்கூட வந்ததும் போனதும் கிட்டத்தட்டச் சமம். சொல்லப்போனால் சிறு துண்டு.

பின் எதற்காக இந்த வேலை? அன்றைய சட்டப்படி டிவிடெண்ட் பெறுபவர் கையில் அதற்கு வரி இல்லை. நட்டத்தையோ வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். வரியில்லாத வரவு 1.82 கோடி, வரியைக் குறைக்கும் நட்டம் 2.09 கோடி. லாபம் சந்தையிலிருந்து வரவில்லை, வருமானவரித் துறையிடமிருந்து வந்தது. நட்டத்தை ஏற்க மறுத்துத் துறை வழக்காடியது. 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நடந்தது உண்மையான பரிவர்த்தனை, சட்டம் அனுமதித்ததைத்தான் நிறுவனம் பயன்படுத்திக்கொண்டது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் நாடாளுமன்றம் ஓட்டையை அடைத்துவிட்டிருந்தது. 2002 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 94(7) பிரிவின்படி, ரெக்கார்டு தேதிக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் வாங்கி, பிந்தைய மூன்று மாதங்களுக்குள் விற்றால், வரியில்லாமல் பெற்ற டிவிடெண்ட் அளவுக்கு நட்டத்தைக் கணக்கில் எடுக்க முடியாது. யூனிட்டுகளுக்கு விற்பனைக் கெடு பின்னர் ஒன்பது மாதமாக நீட்டப்பட்டது.

2020 ஏப்ரல் 1 முதல் நிலைமை மறுபடி மாறியது. நிறுவனமே டிவிடெண்ட் விநியோக வரி கட்டும் முறை ஒழிந்து, டிவிடெண்ட் பெறுபவரின் வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி அடுக்கில் வரிக்குட்பட்டது. வரியில்லா டிவிடெண்ட் என்பதே இல்லாமல் போனதால் 94(7) பிரிவுக்குப் பங்குகளில் பெரிய வேலை இல்லை. அந்தப் பழைய வழி தானாகவே அடைபட்டுவிட்டது; எதிர்த்திசையில் ஒரு வரிச்சுமையும் வந்து சேர்ந்தது.

அந்தச் சுமை எவ்வளவு என்பதை ஒரு கற்பனைப் பங்கில் போட்டுப் பார்க்கலாம். விலை 500 ரூபாய், டிவிடெண்ட் 20 ரூபாய். 200 பங்கு வாங்க ஒரு லட்சம் ரூபாய். மறுநாள் 480-க்கு விற்றால் 96,000 ரூபாய். டிவிடெண்ட் 4,000 ரூபாய். வரியையும் செலவையும் மறந்துவிட்டால் வரவும் செலவும் சரிக்குச் சரி.

செலவை மறக்க முடியாது. டெலிவரிக்கு வாங்கினாலும் விற்றாலும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1%. இரு பக்கமும் சேர்த்து 196 ரூபாய். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015%, அதாவது 15 ரூபாய். சந்தைக் கட்டணம், விற்கும்போது டிமேட் கணக்கிலிருந்து பங்கை எடுக்க டெபாசிட்டரி கட்டணம் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 230 ரூபாய். டெலிவரிக்குத் தரகே வாங்காத தரகரிடம் கணக்கு இருந்தால்தான் இந்தத் தொகை. தரகு வாங்குபவர் என்றால் இதைவிடக் கூடும்.

அடுத்து வரி. 30% அடுக்கில் இருப்பவருக்கு, 4% செஸ்ஸும் சேர்த்து, டிவிடெண்டின் மேல் 31.2% வரி. 4,000 ரூபாய்க்கு 1,248 ரூபாய். விற்றதில் வந்த 4,000 ரூபாய் நட்டம் குறுகிய கால மூலதன நட்டம். அதை டிவிடெண்டில் கழிக்க முடியாது என்பதுதான் பலர் கவனிக்கத் தவறும் இடம். டிவிடெண்ட் ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் வருகிறது. மூலதன நட்டத்தை மூலதன ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். அதே ஆண்டில் வேறு பங்குகளில் குறுகிய கால ஆதாயம் வைத்திருப்பவருக்கு இந்த நட்டம் பயன்படும். அந்த ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20% வரி, செஸ்ஸோடு 20.8%. எனவே 832 ரூபாய் மிச்சமாகும். டிவிடெண்டுக்குக் கட்டிய 1,248-ல் 832 திரும்பி வந்தாலும், செலவையும் சேர்த்தால் அவருக்கு 646 ரூபாய் நட்டம். ஆதாயம் எதுவும் இல்லாதவருக்கு அந்த 832-ம் அந்த ஆண்டில் கிடையாது. நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம் என்பது ஆறுதல். அந்த ஆண்டுக் கணக்கில் அவர் 1,478 ரூபாய் இழந்திருப்பார்.

எல்லோருக்கும் நட்டம்தானா என்றால், இல்லை. 5% வரி அடுக்கில் இருந்து, குறுகிய கால ஆதாயமும் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளலாம். டிவிடெண்டுக்கு அவர் கட்டுவது 208 ரூபாய். நட்டத்தால் மிச்சமாவது 832 ரூபாய். செலவு 230 போக 394 ரூபாய் கையில் நிற்கிறது. காகிதத்தில் இது லாபம். ஆனால் இந்த லாபம் ஒரு லட்சத்துக்கு 0.4%-கூட இல்லை. பங்கு ஒரே நாளில் ஒன்றரை, இரண்டு சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம். ஒரு லட்சத்துக்கு அது 1,500 முதல் 2,000 ரூபாய். அன்றிரவு அமெரிக்கச் சந்தை தடுமாறினாலோ, கச்சா எண்ணெய் விலை எகிறினாலோ பங்கு 480-ல் திறக்காது, 472-ல் திறக்கும். 394 ரூபாய் இருந்த இடம் தெரியாது. 488-ல் திறந்தால் கூடுதல் லாபம் வரும். அந்த லாபம் டிவிடெண்டால் வந்ததல்ல. அந்தப் பங்கை அன்றிரவு வைத்திருந்ததால் வந்தது. டிவிடெண்டே இல்லாத பங்கை வாங்கி வைத்திருந்தாலும் அதே வாய்ப்பு உண்டு.

கால இடைவெளியும் உண்டு. விலைச் சரிவு எக்ஸ் தேதியன்று காலையிலேயே வந்துவிடுகிறது. டிவிடெண்ட் பணம் அன்று வருவதில்லை. அறிவித்த 30 நாட்களுக்குள் நிறுவனம் அதைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் சில வாரம் ஆகும். ஒரு நிறுவனத்திடமிருந்து ஓராண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால் 10% டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கடன் வாங்கி இதைச் செய்பவருக்கு இந்த வாரங்களின் வட்டியும் சேரும்.

விலை டிவிடெண்ட் அளவுக்கு அப்படியே இறங்குகிறதா என்பது கல்வியாளர்களும் நெடுநாளாக ஆராய்ந்த கேள்வி. அமெரிக்காவில் எட்வின் எல்டன், மார்ட்டின் குரூபர் இருவரும் 1970-ல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிப்படையானது. நியூயார்க் பங்குச்சந்தையில் 1966 ஏப்ரல் முதல் ஓராண்டில் எக்ஸ் தேதிகளில் நடந்ததைப் பார்த்தபோது, ஒரு டாலர் டிவிடெண்டுக்கு விலை சராசரியாக 78 சென்ட் அளவுக்குத்தான் இறங்கியிருந்தது. அவர்கள் சொன்ன காரணம் வரி. அன்று அமெரிக்காவில் டிவிடெண்டுக்கு வரி அதிகம், மூலதன ஆதாயத்துக்குக் குறைவு. டிவிடெண்டை வாங்கி அதிக வரி கட்டுபவருக்கு அந்த ஒரு டாலர் ஒரு டாலர் அல்ல; எனவே அவர் முழு ஒரு டாலர் சரிவை ஏற்க மாட்டார்.

மேலே சொன்ன 30% அடுக்குக்காரரை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். 20 ரூபாய் டிவிடெண்டில் வரி போக அவர் கையில் நிற்பது 13 ரூபாய் 76 காசு. விலை 17 ரூபாய் 37 காசு இறங்கினால், நட்டத்தால் மிச்சமாகும் வரி போக அவருடைய நிகர இழப்பும் 13 ரூபாய் 76 காசு. இரண்டும் சமம். எனவே சந்தையில் விலையை நிர்ணயிப்பவர்கள் எல்லோரும் அவரைப் போன்றவர்கள் என்றால், 20 ரூபாய் டிவிடெண்டுக்கு விலை 17 ரூபாய் சொச்சமே இறங்கும். 20-க்கும் 17-க்கும் இடைப்பட்ட அந்த 2 ரூபாய் 60 காசு, டிவிடெண்டுக்குக் குறைந்த வரி கட்டுபவருக்கு லாபமாகத் தெரியும். இப்படிப்பட்டவர்கள் பெருந்தொகையோடு வந்து எக்ஸ் தேதிக்கு முன் வாங்கத் தொடங்கினால், அவர்களே விலையை ஏற்றிவிடுவார்கள். மறுநாள் விற்கும்போது அவர்களே இறக்கிவிடுவார்கள். இடைவெளி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் அவர்களுடைய வாங்கல் விற்றல் செலவு அளவுக்கு வந்து நிற்கும். மிகக் குறைந்த செலவில் வர்த்தகம் செய்யும் பெரிய கைகளுக்கே அந்த எல்லை பொருந்தும். சில்லறை முதலீட்டாளரின் செலவு அதைவிட அதிகம் என்பதால் அவர் வந்து சேரும்போது மேசை காலியாக இருக்கும்.

வரி மட்டும்தான் காரணமா என்று சோதிக்க, மரே ஃபிராங்க், ரவி ஜகந்நாதன் இருவரும் ஹாங்காங்கை எடுத்துக்கொண்டார்கள். அங்கே டிவிடெண்டுக்கும் வரி இல்லை, மூலதன ஆதாயத்துக்கும் வரி இல்லை. 1998-ல் வெளியான அவர்களின் ஆய்வில் சராசரி டிவிடெண்ட் 12 ஹாங்காங் சென்ட். விலை இறங்கியது சராசரியாக 6 சென்ட். பாதிதான்! வரியே இல்லாத ஊரில் மீதி 6 சென்ட் யாருக்குக் கிடைக்கிறது?

அவர்கள் கண்ட விடை, சந்தையில் இரண்டு விலைகள் இருப்பதில் இருக்கிறது. எந்தப் பங்குக்கும் எந்த நேரத்திலும் வாங்குபவர்கள் கேட்கும் விலை ஒன்று, விற்பவர்கள் சொல்லும் விலை ஒன்று. இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி. டிவிடெண்டைப் பெற்றுக்கொள்வதைத் தொல்லையாக நினைக்கும் சாதாரண முதலீட்டாளர்கள் எக்ஸ் தேதிக்கு முன்பே, வாங்குபவர் கேட்ட தாழ்ந்த விலைக்கு விற்றுவிடுகிறார்கள். வாங்க நினைப்பவர்கள் எக்ஸ் தேதி வரை காத்திருந்து, விற்பவர் சொல்லும் உயர்ந்த விலைக்கு வாங்குகிறார்கள். அதனால் முந்தைய நாளின் இறுதி விலை கீழ்ப்பக்கத்திலும் மறுநாள் விலை மேல்பக்கத்திலும் பதிவாகிறது. பதிவான விலைகளை மட்டும் பார்ப்பவருக்குச் சரிவு பாதியாகத் தெரிகிறது. ஆனால் டிவிடெண்டுக்காக வாங்க வரும் சாதாரண ஆள் மேல்விலையில் வாங்கி, கீழ்விலையில் விற்க வேண்டியிருக்கும். அவருக்கு அந்த 6 சென்ட் கிடைக்காது. நடுவில் நின்று இரு பக்கமும் விலை சொல்லும் வியாபாரிகளுக்கே அது போய்ச் சேரும். பழைய விலைப்பட்டியலை வைத்து, எக்ஸ் தேதியில் விலை பாதிதான் இறங்குகிறது, மீதி லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டுபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த விலைக்கு உண்மையில் வாங்கியிருக்க முடியுமா, விற்றிருக்க முடியுமா?

உத்தியை விடாமல் பிடித்திருப்பவர்கள் சொல்லும் இன்னொரு வாதம், விலை இறங்கினாலும் சில நாளில் பழைய நிலைக்கு ஏறிவிடும், அப்போது விற்றால் டிவிடெண்ட் மிச்சம் என்பது. ஏறுவது நடக்கக்கூடியதே. ஆனால் திங்கள் மாலை 500-க்கு வாங்கியவரோடு, செவ்வாய் காலை 480-க்கு வாங்கியவரையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். பங்கு பத்து நாளில் 500-க்கு ஏறினால், முன்னவருக்கு விற்றதில் லாபம் இல்லை, டிவிடெண்ட் 20 ரூபாய் உண்டு. பின்னவருக்கு டிவிடெண்ட் இல்லை, விற்றதில் 20 ரூபாய் லாபம். பங்கு 460-க்கு இறங்கினால் இருவருக்குமே 20 ரூபாய் நட்டம். ஏற்றத்தின் பலன் எக்ஸ் தேதிக்கு முன் வாங்கியவருக்கென்று தனியாக எதுவும் இல்லை. பங்கு ஏறும் என்று தெரிந்தவருக்கு டிவிடெண்ட் தேவையில்லை. தெரியாதவருக்கு டிவிடெண்ட் காப்பு அல்ல.

ஏறாமலும் போகலாம் என்பதற்கு வேதாந்தா பங்கு நல்ல உதாரணம். 2022-23 நிதியாண்டுக்கு அந்த நிறுவனம் ஐந்து இடைக்கால டிவிடெண்டுகளை அறிவித்தது: 31.50, 19.50, 17.50, 12.50, 20.50. மொத்தம் பங்கு ஒன்றுக்கு 101 ரூபாய் 50 காசு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 400 ரூபாயாக இருந்த பங்கு, முடிவில் 275 ரூபாயை ஒட்டி நின்றது. நான்கில் ஒரு பங்கு விலையை ஒரே ஆண்டில் டிவிடெண்டாகத் தந்த பங்கு என்று கேட்கும்போது வாய் பிளக்கத் தோன்றும். கையில் வந்த 101 ரூபாயைவிட விலையில் போனது அதிகம். உலகச் சந்தையில் உலோக விலைகள் இறங்கியதும் அந்த வீழ்ச்சிக்குக் காரணம்தான். ஆனால் டிவிடெண்டாக வெளியேறிய பணம் பங்கு விலையில் திரும்ப வந்து உட்காரும் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை.

சதவீதக் கணக்கு இன்னொரு பொறி. இந்திய நிறுவனங்கள் டிவிடெண்டை முக மதிப்பின் சதவீதமாக அறிவிப்பது பழக்கம். ‘1,000% டிவிடெண்ட்’ என்று தலைப்பு வந்தால், முக மதிப்பு ஒரு ரூபாயாக இருக்கும் பங்குக்கு அது 10 ரூபாய். பங்கு 3,000 ரூபாய்க்கு விற்கிறது என்றால் மூன்றில் ஒரு சதவீதம். இவ்வளவு சிறிய டிவிடெண்டுக்காகச் சந்தை அன்று இறங்குவது கண்ணுக்கே தெரியாது. செலவு மட்டும் தெளிவாகத் தெரியும். 3,000 ரூபாய்க்கு வாங்கி விற்றால் பரிவர்த்தனை வரி மட்டும் 6 ரூபாய் போய்விடும்.

எக்ஸ் தேதியில் ஒரு பங்கு இறங்கியது டிவிடெண்டாலா, வேறு எதனாலா என்று அறிய எளிய வழி, அதே நாளில் நிஃப்டியோ அந்தத் துறையின் குறியீடோ எவ்வளவு அசைந்தது என்று பார்ப்பது. 500 ரூபாய் பங்கு 20 ரூபாய் டிவிடெண்டுக்குப் பின் 476-ல் முடிந்து, துறைக் குறியீடும் சுமார் 0.8% இறங்கியிருந்தால், 20 ரூபாய் டிவிடெண்டுக்கு, 4 ரூபாய் சந்தைக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே பங்கை வைத்து முடிவு கட்டக்கூடாது. சில பத்து எக்ஸ் தேதிகளை இப்படிப் பார்த்தால்தான் சராசரி தெரியும்.

எக்ஸ் தேதி உத்தியில் உண்மையாகவே லாபம் பார்த்தவர்கள் உண்டு. அவர்களுடைய நிலைமை வேறு. 1980-களில் ஜப்பானிய ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் அமெரிக்கப் பங்குகளில் எக்ஸ் தேதியை ஒட்டிப் பெருமளவில் வாங்கி விற்றன. பாலிசிதாரர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்க அவர்களுக்கு வட்டி, டிவிடெண்ட் போன்ற நடப்பு வருமானம் தேவைப்பட்டது. மூலதன ஆதாயத்தை அப்படிப் பயன்படுத்த அவர்கள் நாட்டு விதிகள் இடம் தரவில்லை. விலையில் இழந்து டிவிடெண்டாகப் பெறுவது அவர்களுக்கு நட்டமல்ல, ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாற்றுவது. அமெரிக்க நிறுவனங்களுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது: பிற நிறுவனங்களிடமிருந்து பெறும் டிவிடெண்டில் பெரும்பகுதிக்கு அவற்றுக்கு வரி இல்லை. அங்கும் சட்டம் பின்தொடர்ந்தது. அந்தச் சலுகை பெறக் குறைந்தது 16 நாள் பங்கை வைத்திருந்தால் போதும் என்றிருந்ததை 1984-ல் 46 நாளாக உயர்த்தினார்கள். தனிநபர்களுக்கும் இன்று அமெரிக்காவில், டிவிடெண்டுக்குக் குறைந்த வரி வேண்டுமானால், எக்ஸ் தேதியைச் சுற்றிய 121 நாட்களில் 60 நாளுக்கு மேல் பங்கு கையில் இருக்க வேண்டும்.

ஒருநாள் உத்தியை விட்டுவிட்டு, ஒரு பங்கை நீண்ட காலத்துக்கு வாங்க ஏற்கெனவே முடிவு செய்தவருக்கும் எக்ஸ் தேதி ஒரு நடைமுறைக் கேள்வியை வைக்கிறது: முன்பே வாங்குவதா, கடந்தபின் வாங்குவதா? வரிக்கு முன் இரண்டும் ஒன்று. 200 பங்கை 500-க்கு வாங்கினால் 4,000 ரூபாய் டிவிடெண்டாக வரும்; 480-க்கு வாங்கினால் அதே 4,000 முதலிலேயே கையில் மிஞ்சும். வரியில்தான் வித்தியாசம். முன்பே வாங்கிய 30% அடுக்குக்காரர் இந்த ஆண்டே 1,248 ரூபாய் கட்டுவார். கடந்தபின் வாங்கியவரின் கொள்முதல் விலை 4,000 ரூபாய் குறைவு. ஓராண்டு கழித்து விற்கும்போது அந்த 4,000-க்கு நீண்ட கால ஆதாய வரி 12.5%, செஸ்ஸோடு 520 ரூபாய். ஆண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான நீண்ட கால ஆதாயத்துக்கு வரி இல்லை என்பதால் அதுவும் இல்லாமல் போகலாம். உயர்ந்த அடுக்கில் இருப்பவர் எக்ஸ் தேதி கழியும்வரை காத்திருப்பது மேல். 5% அடுக்கில் இருந்து, 1.25 லட்ச வரம்பை ஏற்கெனவே கடந்துவிட்டவருக்கு மட்டும் கணக்கு திரும்பும்: இப்போது 208 ரூபாய், பிறகு 520. அவர் ஒருநாள் முன்னதாக வாங்கலாம்.